முகவரிகளை முதலில் எண்ணிப் பார்த்தல்: படுவான்கரை யானைச் செய்திகளைத் திரட்டிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பகுதியில் காட்டு யானைகளால் உயிரும் பயிரும் வீடும் அழிவது நெடுநாளைய துயரம். போரதீவுப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை மேற்கு ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகளைச் சேர்ந்த விவசாயிகள் சிலர், எந்தக் கிராமத்தில் எந்த ஆண்டு எந்த மாதத்தில் என்ன நடந்தது என்பதை ஒரே அட்டவணையில் காட்ட விரும்பினார்கள். யானை வேலி எங்கே முதலில் வேண்டும் என்று அதிகாரிகளிடம் பேசும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட, திகதியும் இடமும் குறித்த பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது பயன்படும் என்பது அவர்களின் எண்ணம். நகரில் ஆவணப்படுத்தல் வேலை செய்யும் ஒரு சிறு குழு இதற்கு உதவ முன்வந்தது. குழுவில் பைதன் நிரல் எழுதத் தெரிந்த இளைஞர் இருவரும், உள்ளூர் இடப்பெயர்களை நன்கு அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருந்தனர்.

மூலமாகத் தெரிவு செய்யப்பட்டது, கிழக்கு மாகாணச் செய்திகளைத் தமிழில் நாள்தோறும் வெளியிடும் ஓர் இணையத்தளம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட செய்திகள் அதில் இருந்தன; ஆனால் யானை தொடர்பானவை எத்தனை, அவை எங்கே கிடக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. முகப்புப் பக்கத்தில் தொடங்கி, காணும் இணைப்புகளையெல்லாம் பின்தொடர்ந்து சென்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பிறகு வடிகட்டலாம் என்பதே குழுவில் எழுந்த முதல் யோசனை. அந்தத் தளமோ ஒரு மலிவான பகிர்வுச் சேர்வரில் இயங்கியது. மழைக்காலத்தில் வெள்ளச் செய்திக்காக மக்கள் குவியும் நாட்களில் பக்கம் திறக்கவே நேரமெடுக்கும். அப்படிப்பட்ட சேர்வரில் கண்மூடித்தனமாக நுழைவது சரியல்ல என்று ஆசிரியர் எடுத்துச் சொன்னதால், எதையும் இறக்குவதற்கு முன் அங்கே என்னென்ன பக்கங்கள் உள்ளன என்று முழுமையாகப் பட்டியலிடுவது என்ற முடிவுக்குக் குழு வந்தது. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பற்றியதே.

முதலில் படித்த இரண்டு கோப்புகள்

தளத்தின் முகவரியோடு robots.txt என்று சேர்த்தால் வரும் சிறு கோப்பே முதலில் படிக்கப்பட்டது. அதில் குழுவுக்கு வேண்டிய செய்திகள் மூன்று இருந்தன. முதலாவது, Disallow என்ற வரிகள்: நிர்வாகப் பகுதியான /wp-admin/ என்பதையும், தளத்தின் உள் தேடலான /?s= என்பதையும் தானியங்கிக் கருவிகள் தொடக்கூடாது என்று அவை கூறின. ‘யானை’ என்று தேடல் பெட்டியில் இட்டு வரும் முடிவுகளை நிரல் மூலம் எடுக்கும் குறுக்குவழி இதனால் மூடப்பட்டது. இரண்டாவது, Crawl-delay: 5 என்ற வரி. 2022 இல் வெளியான ஆர்.எப்.சி. 9309 என்ற நியமத்தில் இந்தக் கட்டளை இல்லை. கூகுள் இதைப் பொருட்படுத்துவதுமில்லை. என்றாலும், ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து வினாடி விடுங்கள் என்று தளத்தை நடத்துபவரே எழுதி வைத்திருக்கும்போது அதை மீறக் குழுவுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. மூன்றாவது, Sitemap: என்று தொடங்கி sitemap_index.xml என முடியும் வரி.

சைட்மேப் என்பது, தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிகளைத் தேடுபொறிகளுக்கு அறிவிப்பதற்காகத் தளமே வெளியிடும் எக்ஸ்எம்எல் கோப்பு. 2005 இல் கூகுள் அறிமுகப்படுத்திய இந்த முறையை 2006 இல் யாஹூவும் மைக்ரோசாப்ட்டும் ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் அதிகபட்சம் 50,000 முகவரிகளே இருக்கலாம். பெரிய தளங்கள் பல கோப்புகளாகப் பிரித்து, அந்தக் கோப்புகளைப் பட்டியலிடும் சுட்டிக் கோப்பு ஒன்றை மேலே வைக்கும். இந்தத் தளம் வேர்ட்பிரஸ்ஸில் இயங்கியது. சைட்மேப்பை யோஸ்ட் பிளகின் உருவாக்கியது. யோஸ்ட் தன் வழக்கப்படி கோப்பொன்றுக்கு 1,000 முகவரிகள் என்று பிரித்திருந்தது. சுட்டிக் கோப்பைத் திறந்தபோது செய்திகளுக்கான post-sitemap என்ற பெயருடைய கோப்புகள் நாற்பதும், குறிச்சொற்களுக்கான post_tag-sitemap கோப்புகள் பன்னிரண்டும், பிரிவுகள், நிலையான பக்கங்கள், எழுத்தாளர்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தன.

பட்டியலை எடுத்த விதம்

சுட்டிக் கோப்பைப் படித்து, அது காட்டும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் சென்று, முகவரியையும் lastmod என்ற திருத்தத் திகதியையும் எடுக்கும் சிறு நிரல் ஒன்று எழுதப்பட்டது. அதன் உயிர்நாடி இவ்வளவே:

```python
import time, requests
import xml.etree.ElementTree as ET

NS = {"s": "http://www.sitemaps.org/schemas/sitemap/0.9"}

def read(url, head):
    r = requests.get(url, headers=head, timeout=30)
    r.raise_for_status()
    time.sleep(5)
    root = ET.fromstring(r.content)
    if root.tag.endswith("sitemapindex"):
        for loc in root.findall("s:sitemap/s:loc", NS):
            yield from read(loc.text.strip(), head)
    else:
        for u in root.findall("s:url", NS):
            yield (url, u.findtext("s:loc", "", NS).strip(),
                   u.findtext("s:lastmod", "", NS))
```

head என்ற இடத்தில் குழுவின் தொடர்பு மின்னஞ்சலைக் கொண்ட User-Agent வரி கொடுக்கப்பட்டது. தளத்தைப் பராமரிப்பவர் பதிவேட்டைப் பார்த்தால் வந்தது யார் என்று அறிந்துகொள்வார்.

இந்த நிரலில் பெயர்வெளியை முழுமையாகக் குறித்திருப்பதற்குக் காரணம் உண்டு. யோஸ்ட் ஒவ்வொரு செய்தியின் கீழும் அதிலுள்ள படங்களின் முகவரிகளையும் image:loc என்ற குறியில் எழுதுகிறது. பெயர்வெளியைப் பாராமல் loc என்று முடிவதையெல்லாம் எடுத்தால் படங்களின் முகவரிகளும் பக்க முகவரிகளோடு கலந்துவிடும். எண்ணிக்கை இருமடங்காகிப் பட்டியல் ஏமாற்றும். எடுத்த முகவரிகளில் .jpg என்று முடிபவை உள்ளனவா என்று பார்த்தால் இந்தப் பிழை உடனே புலப்படும்.

ஒவ்வொரு முகவரியோடும் அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதியது பின்னர் மிகவும் உதவியது. கோப்புவாரியாக எண்ணிப் பார்த்தபோது செய்திக் கோப்புகளில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை ஆயிரத்தை ஒட்டி இருந்தன. ஆகவே இடையில் எந்தக் கோப்பும் பாதியில் அறுந்து வரவில்லை என்று உறுதி செய்ய முடிந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 51,000 முகவரிகள் கிடைத்தன. அவற்றுள் செய்திகள் 39,000 அளவில் இருந்தன; மிச்சத்தில் பெரும்பகுதி குறிச்சொற் பக்கங்கள்.

பட்டியலில் தெரிந்தவை

செய்தி முகவரிகள் /2016/08/ என்றவாறு ஆண்டையும் மாதத்தையும் தாங்கியிருந்தன. மாதவாரியாக எண்ணியபோது பெரும்பாலான மாதங்களில் 250 இலிருந்து 400 வரை செய்திகள் இருந்தன. ஆனால் 2014 மார்ச்சில் மட்டும் 3,900 நின்றது. அதற்கு முந்திய மாதம் ஒன்றுகூட இல்லை. வேறொரு மென்பொருளில் இருந்த பழைய செய்திகளை அந்த மாதத்தில்தான் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றியதாகவும், அப்போது எல்லாவற்றுக்கும் மாற்றிய நாளே வெளியீட்டு நாளாகப் பதிந்துவிட்டதாகவும் தளத்தின் ஆசிரியர் பின்னர் விளக்கினார். ஆகவே அந்த 3,900 செய்திகளுக்கு முகவரியில் உள்ள மாதத்தை நம்ப முடியாது. செய்தியின் உள்ளே எழுதப்பட்ட திகதியைத்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமலே பக்கங்களை இறக்கி எண்ணியிருந்தால், 2014 மார்ச்சில் படுவான்கரையில் யானைகள் பெருந்திரளாக வந்தன என்ற பொய்யான தோற்றம் அட்டவணையில் ஏறியிருக்கும்.

lastmod திகதியோ இதைவிடக் குறைந்த பயனே தந்தது. ஏறக்குறைய 28,000 செய்திகளுக்கு 2021 இன் அடுத்தடுத்த இரு நாட்களே திருத்தத் திகதியாக இருந்தன. செய்திப் பிரிவுகளை அந்த நாட்களில் மொத்தமாக மாற்றியிருந்தார்கள். மாற்றம் எவ்வளவு சிறிதானாலும் வேர்ட்பிரஸ் அந்த நாளைத் திருத்தத் திகதியாக எழுதிவிடும். lastmod என்பது செய்தி எப்போது வெளியானது என்பதைச் சொல்வதல்ல, கடைசியாக எப்போது தொடப்பட்டது என்பதை மட்டுமே சொல்வது. சம்பவத்தின் காலத்தை அறிய அது உதவாது என்று ஒதுக்கப்பட்டது.

முகவரியில் ‘யானை’யைத் தேடியபோது

இந்த நிகழ்வில் மற்றவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவென்று கருதுகிறேன். தமிழ்த் தளங்களில் வேலை செய்யும் எவரும் இதைச் சந்திப்பார்கள்.

செய்தியின் தலைப்பே முகவரியின் கடைசித் துண்டாக அமைவதால், 39,000 முகவரிகளையும் தமிழ் எழுத்தாக மாற்றி அவற்றில் ‘யானை’ என்ற சொல் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் வேலை முடிந்துவிடும் என்பது இளைஞர்களின் எதிர்பார்ப்பு. பைதனின் unquote இந்த மாற்றத்தைச் செய்யும். செய்து பார்த்தபோது 290 அளவில் முகவரிகள் கிடைத்தன. பத்தாண்டுக் காலத்துக்கு இது மிகக் குறைவு என்று குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயப்பட்டார். மேலும், கிடைத்த பட்டியலில் கிரானும் வாகரையும் அடிக்கடி வந்தன. வெல்லாவெளி அரிதாகவே வந்தது. படுவான்கரையை அறிந்த ஒருவருக்கு அது பொருந்தவில்லை.

காரணத்தைத் தேடி முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது பல முகவரிகள் சொல்லின் நடுவில் வெட்டுப்பட்டு நின்றது கண்ணில் பட்டது. வேர்ட்பிரஸ் தலைப்பை முகவரித் துண்டாக மாற்றும்போது அதை 200 பைட்டுக்குள் அடக்குகிறது. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளமான இடம். தமிழிலோ ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதப்படுகிறது. ‘ம’ என்ற ஓரெழுத்து %e0%ae%ae என்று ஒன்பது இடங்களைப் பிடிக்கும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ‘பு’ போன்ற எழுத்துக்கு இரண்டு குறிகள், அதாவது பதினெட்டு இடங்கள் போகும். ஆகவே 200 இடத்தில் தமிழ்க் குறிகள் இருபத்திரண்டே அடங்கும்.

இதைக் குழு காகிதத்தில் எண்ணிப் பார்த்தது. ‘மட்டக்களப்பு’ என்பதில் பன்னிரண்டு குறிகள், 108 இடங்கள். இடைக்கோட்டுக்கு ஒன்று. ‘மாவட்டத்தில்’ என்பதிலும் பன்னிரண்டு குறிகள். அதற்கும் 108 வேண்டும், ஆனால் மிச்சம் 91 தான் உள்ளது. ஆகவே ‘மட்டக்களப்பு மாவட்டத்தில்’ என்று தொடங்கும் எந்தத் தலைப்பும் ‘மட்டக்களப்பு-மாவட்டத்தி’ என்ற இடத்தோடு நின்றுவிடும். அதன்பின் வருவது யானையா, டெங்குவா, பரீட்சையா என்று முகவரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

‘காட்டு யானை’ என்ற ஒரே சொற்றொடர் இரண்டு ஊர்ப்பெயர்களுக்குப் பின் வரும்போது என்ன ஆகிறது என்பதையும் ஒப்பிட்டார்கள். ‘கிரானில் காட்டு யானை’ என்று தொடங்கும் தலைப்பில் ‘கிரானில்’ எட்டுக் குறிகள், ‘காட்டு’ ஆறு குறிகள். இடைக்கோடுகளோடு 128 இடங்கள் ஆகின்றன. ‘யானை’க்கு வேண்டிய 36 இடங்கள் தாராளமாக உள்ளன. ‘வெல்லாவெளியில் காட்டு யானை’ என்றால் ‘வெல்லாவெளியில்’ பதினான்கு குறிகள். ‘காட்டு’வும் இடைக்கோடுகளும் சேர 182 போய்விடும். எஞ்சிய 18 இடத்தில் ‘யா’ மட்டும் நிற்கும், ‘னை’ அறுந்துவிடும். வெல்லாவெளி பட்டியலில் அரிதாக வந்ததன் காரணம் இதுதான். ஊர்ப்பெயரின் நீளம் செய்தியைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. வேலி எங்கே வேண்டும் என்று கேட்பதற்காகத் தயாரிக்கும் அட்டவணையில் இப்படி ஒரு சாய்வு புகுந்தால், நீளமான பெயர் கொண்ட கிராமத்து மக்களின் இழப்பு கணக்கிலிருந்து காணாமற் போயிருக்கும். இழப்பின் எண்ணிக்கை குறைந்தால் அதையேனும் ஐயப்படலாம். ஓரிடத்துக்குக் குறைந்து இன்னோரிடத்துக்குக் குறையாமல் இருப்பது இன்னும் கெடுதியானது, ஏனெனில் அது உண்மையான வேறுபாடு போலவே தோற்றமளிக்கும்.

இதே வெட்டினால் இன்னொரு தீர்மானமும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 6,000 முகவரிகள் -2, -3, -14 என்ற எண்களோடு முடிந்தன. இவை ஒரே செய்தியின் மறுபதிவுகள், நீக்கிவிடலாம் என்று இளைஞர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். ஆங்கிலத் தளங்களில் அது பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடும். இங்கே, வெட்டுப்பட்ட பின் ஒரே வடிவமாகிப் போன வெவ்வேறு தலைப்புகளைப் பிரித்தறிய வேர்ட்பிரஸ் இட்ட எண்கள் அவை. ‘மட்டக்களப்பு-மாவட்டத்த-14’ என்று முடியும் முகவரியைத் திறந்தால் முதலாவதோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிச் செய்தி இருந்தது. எழுமாறாகச் சில முகவரிகளை எடுத்துத் திறந்து பார்த்தபோது எல்லாமே தனிச் செய்திகளாக இருந்ததால், எண்ணுள்ள முகவரி எதையும் நீக்குவதில்லை என்று முடிவாயிற்று.

எடுத்த தீர்மானமும் அதன் காரணமும்

முகவரியால் தெரிவு செய்ய முடியாது என்றான பின் இரு வழிகள் எஞ்சின. ஒன்று, 39,000 பக்கங்களையும் இறக்குவது. ஐந்து வினாடி இடைவெளியில் அது 195,000 வினாடிகள், அதாவது ஓய்வின்றி 54 மணித்தியாலங்கள் எடுக்கும். மற்றது, முழுத் தலைப்புகளைத் தரும் வேறு பக்கங்களைத் தேடுவது.

/2016/08/ என்ற முகவரியை மட்டும் திறந்தால் அந்த மாதத்தின் செய்திகள் பக்கத்துக்குப் பத்து வீதம், வெட்டப்படாத தலைப்போடு வரிசையாக வந்தன. இந்த மாதாந்தப் பட்டியற் பக்கங்கள் சைட்மேப்பில் இல்லை. யோஸ்ட் அவற்றை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் robots.txt அவற்றைத் தடுக்கவுமில்லை. ஒரு மாதத்துக்கு எத்தனை பட்டியற் பக்கங்கள் என்பதைச் சைட்மேப் எண்ணிக்கையிலிருந்தே முன்கூட்டி அறிய முடிந்தது: 312 செய்திகள் என்றால் 32 பக்கங்கள். மொத்தம் 3,900 வேண்டுகோள்கள். ஐந்தரை மணித்தியாலத்துக்குள் முடியும். பத்தில் ஒரு பங்கு சுமையில் எல்லாத் தலைப்புகளும் கிடைக்கும் என்பதால் இந்த வழியே தெரிவானது.

இதோடு, ஒதுக்கி வைத்திருந்த குறிச்சொற் கோப்புகளும் மீண்டும் எடுக்கப்பட்டன. குறிச்சொற்கள் குறுகியவை என்பதால் அவற்றின் முகவரிகள் வெட்டுப்படவில்லை. ‘காட்டு-யானை’, ‘யானை-தாக்குதல்’, ‘யானை-வேலி’ போன்றவை அங்கே முழுதாக இருந்தன. ‘வயல் நாசம்’, ‘இரவில் வீடு உடைப்பு’ என்று யானையின் பெயரே இல்லாத தலைப்புகளைப் பிடிக்க அவையே வழி.

வேலையைத் தொடங்குமுன் தளத்தின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, பிறகு தொலைபேசியில் பேசினார்கள். நோக்கம் என்ன, எத்தனை வேண்டுகோள்கள், எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கோடு சொல்ல முடிந்தது சைட்மேப்பைப் படித்திருந்ததால்தான். “பகல்ல வேணாம் தம்பி, ராவு பத்து மணிக்குப் பிறகு எடுங்க, ஆக்களும் குறைவு” என்று அவர் இணங்கினார். செய்தியின் முழுப் பாடத்தை எங்கும் மறுபடி வெளியிடுவதில்லை, அட்டவணையில் திகதி, இடம், சம்பவத்தின் வகை, மூல முகவரி ஆகியவை மட்டுமே இருக்கும், பாதிக்கப்பட்டோரின் பெயர் சேராது என்று குழு உறுதியளித்தது.

சேகரிப்பும் விளைவும்

பட்டியற் பக்கங்கள் இரவு நேரங்களில் எடுக்கப்பட்டன. மாதவாரியாகக் கிடைத்த செய்திகளின் எண்ணிக்கை சைட்மேப் எண்ணிக்கையோடு பெரும்பாலும் பொருந்தியது. சில மாதங்களில் பட்டியற் பக்கங்களில் ஐந்தோ எட்டோ செய்திகள் கூடுதலாக இருந்தன; அவை தேடுபொறிகளுக்குக் காட்ட வேண்டாம் என்று குறிக்கப்பட்டவை, ஆகவே சைட்மேப்பில் இடம்பெறவில்லை. சைட்மேப் என்பது தளம் காட்ட விரும்பும் பக்கங்களின் பட்டியலே தவிர, தளத்தில் இருப்பவை அனைத்தினதும் பட்டியல் அன்று என்பது இங்கே நேரடியாகத் தெரிந்தது. இரண்டு வழியிலும் எண்ணி ஒப்பிட்டதால் இந்தச் செய்திகள் தப்பவில்லை.

முழுத் தலைப்புகளில் ‘யானை’ இருந்தவை 840 அளவில் வந்தன. அவற்றுள் ஏறக்குறைய 110 வேறு பொருளுடையவை. ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் யானை என்பதால் 2015 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலையும் 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலையும் ஒட்டிய மாதங்களில் அரசியல் செய்திகள் வந்து கலந்தன. யானைக்கால் நோய்த் தடுப்புச் செய்திகளும் இருந்தன. நிரலால் இவற்றைப் பிரிக்க முயலாமல், தலைப்புகளை ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணால் வாசித்து ஒதுக்கினார். அந்த அளவு தலைப்புகளை ஒருவர் உட்கார்ந்து வாசித்துவிடலாம், நிரலைவிட நம்பகமாகவும் செய்யலாம். குறிச்சொற்கள் வழியாக 190 அளவில் புதியவை சேர்ந்தன. இறுதியில் இறக்கப்பட்ட செய்திப் பக்கங்கள் 920 அளவிலேயே. ஐந்து வினாடி இடைவெளியில் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

முகவரியை வைத்துத் தேடியிருந்தால் 290 தான் கிடைத்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இடவாரியாகப் பார்த்தபோது வெல்லாவெளியை அண்டிய கிராமங்களே முதல் வரிசையில் நின்றன. பழைய 3,900 இல் இருந்து வந்த யானைச் செய்திகளுக்குத் திகதியைச் செய்தியின் முதற் பந்தியிலிருந்து கையால் எடுத்தார்கள். திகதியே தெரியாத சிலவற்றுக்கு அட்டவணையில் ‘காலம் தெரியவில்லை’ என்று எழுதி, மாதவாரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். அட்டவணை விவசாயிகளிடம் கையளிக்கப்பட்டது. அதைப் பிரதேச மட்டக் கூட்டமொன்றில் அவர்கள் முன்வைத்தார்கள்.

இந்த அட்டவணைக்கு ஒரு எல்லை உண்டு, அதுவும் அதன் முதற் பக்கத்தில் எழுதப்பட்டது. இது நடந்த சம்பவங்களின் கணக்கு அல்ல. அந்தத் தளத்தில் செய்தியான சம்பவங்களின் கணக்கு. செய்தியாளர் இல்லாத எல்லைக் கிராமத்தில் இரவோடிரவாக அழிந்த வயல் இதில் வராது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தமிழ்த் தளம் ஒன்றின் சைட்மேப் கைக்கு வந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது முகவரித் துண்டுகளின் நீளம். சதவீத வடிவில் உள்ள துண்டுகளை நீளவாரியாக எண்ணி, 190 இலிருந்து 200 வரை பெருங்கூட்டமாகக் குவிந்திருந்தால் அங்கே வெட்டு நடந்திருக்கிறது என்று பொருள். ஒரு வரி நிரல் இதைக் காட்டிவிடும். முகவரியில் சொல் தேடி முடிவுகளை ஆராய்ந்து காரணம் கண்டுபிடிக்கும் சுற்றுவழி தேவைப்படாது. சில தளங்கள் முகவரிக்குத் தலைப்பைப் பயன்படுத்தாமல் எண்ணையோ ஆங்கிலச் சொல்லையோ இடுகின்றன. அங்கே இந்தச் சோதனைக்கு இடமே இல்லை, நேரே பட்டியற் பக்கங்களுக்குச் செல்லலாம்.

தளத்தின் ஆசிரியரை இன்னும் முன்னதாக அணுகியிருக்கலாம். வேர்ட்பிரஸ்ஸின் நிர்வாகப் பகுதியில் செய்திகளையெல்லாம் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அவர் இணங்கியிருந்தால் தலைப்பு, திகதி, பிரிவு, குறிச்சொல் எல்லாம் சேர்வருக்குச் சுமை இல்லாமல் கிடைத்திருக்கும். இந்தத் தளத்தில் நிர்வாகக் கடவுச்சொல் வெளிநாட்டில் இருந்த ஒருவரிடம் இருந்ததால் அது அப்போது கைகூடவில்லை. என்றாலும் முதற் கேள்வியாகக் கேட்க வேண்டியது அதுதான்.

சைட்மேப் கோப்புகளை எடுத்த நாளோடு அப்படியே பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கத்தைக் குழு இப்போது கைக்கொண்டுள்ளது. மாதம் ஒருமுறை மீண்டும் எடுத்து முழுப் பட்டியலையும் பழையதோடு ஒப்பிட்டால், புதிதாக வந்த முகவரிகளும் நீக்கப்பட்ட முகவரிகளும் தெரிகின்றன. ஒப்பீட்டைக் கோப்புவாரியாகச் செய்யாமல் முகவரிவாரியாகச் செய்கிறார்கள். ஒரு செய்தி திருத்தப்பட்டால் அது வேறு கோப்புக்கு நகர்ந்துவிடக்கூடும். புதிய முகவரிகளின் தலைப்பை மட்டும் நடப்பு மாதத்தின் பட்டியற் பக்கங்களில் பார்த்து, யானைச் செய்தியாயின் அட்டவணையில் சேர்க்கிறார்கள். இதற்கு மாதத்துக்கு ஏறத்தாழ நூறு வேண்டுகோள்கள் போதுமாக உள்ளன. அவையும் இரவு பத்து மணிக்குப் பிறகே.